எல்லா முகாமும் கேட்ட வாழ்த்து

சலவைக்கடைச் சுவரை ஒட்டித்தான் என் தையல் மெஷின். அவர்கள் பக்கத்து ஆவி என் பக்கம் வரும், என் பக்கத்து நூல் தூசி அவர்கள் பக்கம் போகும். பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. ஆஸ்பத்திரி விரிப்பில் கிழிசல் இருந்தால் எனக்கு வரும். மற்றபடி கால்சட்டைக்கு அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது. அந்த வீட்டில் யார் என்ன பேசினாலும் என் காதில் விழும், ஏனென்றால் அங்கே யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. துவைக்கிற மெஷின் ஒரு பக்கம், பிழிகிற மெஷின் ஒரு பக்கம், நடுவில் விரிப்பைத் தேய்த்துத் தள்ளுகிற சூட்டு ரோலர். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகியவர்கள். 'டீ குடிக்கிறியா' என்று கேட்டாலே தெருவில் போகிறவன் சண்டை என்று நின்று பார்ப்பான்.

அன்றைக்கு அந்தச் சலவைக்கடை வீட்டு மருமகள் சத்தமில்லாமல் வந்தாள். அதுதான் எனக்குப் பகீரென்றது.

நலன் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். எல்லையில் இருக்கிறவர்களின் வீட்டு விஷயங்களைப் பார்க்கிற ராணுவ அலுவலகம் அது, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் புருஷனுக்குப் பிறந்தநாள் வருகிறது. அவன் இருக்கிற மேல்முகாமில் போன் எடுக்காது, தபால் எப்போதாவது வரும். பிறந்தநாளுக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு நிமிஷக் குரல்செய்தி அனுப்பலாம் என்று ஒரு சலுகை. அதை எப்படி அனுப்புவது என்று கேட்கத்தான் போனாள்.

வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. நேராக ரோலர் பக்கம் போய் நின்றாள். மாமியார் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிர்முனைக்கு ஆள் வந்ததே என்று நீட்டினாள்.

"பிடி. ஆஸ்பத்திரி வண்டி வந்துரும்."

"உங்க பையனுக்கு லீவு குடுக்கலன்னு சொன்னீங்களே அத்தை. யார் குடுக்கல?"

"மேலிடத்துல குடுக்கல. அதான் சொன்னானே."

"மேலிடம் குடுத்துச்சு. இந்தத் தடவை ஆள் மாத்தற பட்டியல்ல அவர் பேரு இருந்துச்சாம். இவர்தான் இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். கிளார்க் சொல்றான். எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டு பாராட்டறான் வேற. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க கிடைக்கறது கஷ்டம்மா, தானா முன்வந்து இருக்கார்ங்கறான்."

மாமியார் கையிலிருந்த விரிப்பு ரோலருக்குள் கோணலாகப் போய் மடங்கியது. மாமனார் பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தார். சூடான துணி கருகுகிற வாசனை என் மெஷின் வரைக்கும் வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மருமகள்.

மாமியார் மடங்கிய விரிப்பை இழுத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"போன மாசம் சாட்டிலைட் போன்ல உங்க அத்தைகிட்ட பேசினப்ப அவன் சொன்னான்" என்றார் மாமனார். "உன்கிட்ட நானே சொல்றேன், நீங்க சொல்லாதீங்கன்னான். நாங்க என்ன பண்றது?"

"நானே சொல்றேன்னு சொல்லிட்டு லைனைக் கட் பண்ணிட்டார். அவ்வளவுதானே?"

எனக்கு அந்தப் பையனைச் சின்னதிலிருந்து தெரியும். நெட்டைப் பயல், ரோலருக்குப் பக்கத்தில் நின்று விரிப்பு மடிக்கிறதில் கில்லாடி. ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டான். ஊமைக் கோட்டான் என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் இது கிண்டல் செய்கிற விஷயமில்லை. கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு வருஷத்தை எழுதிக்கொடுக்க எவனுக்கும் உரிமை கிடையாது. எனக்கே ரத்தம் கொதித்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

"இப்ப என்ன செய்யப்போற?" என்று கேட்டேன்.

"பட்டியல் இன்னும் மேல போகலியாம் அக்கா. வெள்ளிக்கிழமை அங்கேயிருந்து கடைசி வண்டித்தொடர் கீழ இறங்குது. அதுக்கப்புறம் பனி மூடி ரோடு கிடையாது. அதுக்குள்ள அவர் முகாம் அதிகாரிகிட்ட வாயால சொன்னாப் போதும், கையெழுத்து ரத்து. கிளார்க்கே சொன்னான். ஆனா அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? சாட்டிலைட் போன் எந்த முகாமுக்கு எப்ப வரும்னு தெரியாது. இந்த வாழ்த்து ஒண்ணுதான் வழி. அதுலயும் வா, போ, எப்ப, எங்கன்னு ஒரு வார்த்தை இருக்கக்கூடாதாம்."

பிறகு அவளே விளக்கினாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. குரல்செய்தியை அலுவலகத்து எண்ணுக்கு அனுப்ப வேண்டும். கிளார்க் முழுக்கக் கேட்பான். ஊர்ப்பெயர், படைப்பிரிவின் பெயர், தேதி, நேரம், யார் வருகிறார் யார் போகிறார் என்பது, வானிலை, எதுவும் இருக்கக்கூடாது. துக்கச் செய்தி, சண்டை, அழுகை கூடாது. அங்கே துப்பாக்கியோடு நிற்கிறவன் மனசு கலங்கக்கூடாதாம். தேறினால் அடிவார முகாமுக்குப் போகும். அங்கே ரேடியோக்காரன், எல்லா முகாமையும் கூப்பிட்டுப் பார்க்கிற சாயங்காலச் சரிபார்ப்பு முடிந்ததும் போன் ஸ்பீக்கரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓடவிடுவான். அந்த மலைவரிசையில் எத்தனை முகாம் உண்டோ அத்தனை முகாமிலும் அது கேட்கும். தனியாக ஒருத்தன் காதுக்கு மட்டும் அனுப்ப வழி கிடையாது.

"அப்ப புருஷன் பெண்டாட்டி பேச்சு ஊருக்கே கேக்குமா?" என்றேன்.

"கேக்கும். அதனாலதான் எல்லாரும் 'நல்லா இருங்க, உடம்பைப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டு முடிச்சுக்கறாங்க."

"அதையே நாமளும் சொல்லுவோம்" என்றாள் மாமியார். "பிறந்தநாள் அன்னிக்குப் பிள்ளைய அழவைக்கணுமா?"

"அழட்டுமே அத்தை. அழுதா என்ன குறைஞ்சு போகுது?"

அன்று முழுவதும் இருவரும் பேசவில்லை. பேசாமல் வேலை செய்கிற வித்தை அவர்களுக்கு உண்டு. விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, உதறி, நடுவில் சந்தித்து, மடித்து, மறுபடி விலகுவார்கள். அன்று சந்திக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உதறல் மட்டும் பளார் பளார் என்று கேட்டது.

மறுநாள் மத்தியானம் பதிவு. சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினையும் நிறுத்தினார் மாமனார். அந்த அமைதி காதுக்கு வலித்தது. துணி மடிக்கிற மேஜைமேல் போனை வைத்து, சுற்றி எல்லோரும் நின்றார்கள். நானும் ஊசியைத் துணியில் குத்திவிட்டுப் போய் நின்றேன்.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"தம்பி. பிறந்தநாள் வாழ்த்து. உடம்பைப் பாத்துக்க. கால்ல ஈரம் இல்லாம வச்சுக்க. அவ்வளவுதான்."

"ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்றாள் மாமியார், அதைவிடச் சத்தமாக.

"நான் எங்க கத்தறேன்?"

இரண்டு பேரும் கத்தியது பதிவாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி. இந்த முறை மாமனார் ரகசியம் சொல்வதுபோல் சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது முறைதான் மனுஷக் குரல் வந்தது. மாமியார் நன்றாகப் பேசினாள். "கண்ணு, நூறு வயசு நல்லா இரு. நாங்க எல்லாரும் சௌக்கியம். கடை நல்லா ஓடுது. கவலைப்படாத" என்று, மருமகளைப் பார்க்காமலே சொல்லிமுடித்தாள்.

அடுத்தது குழந்தை. அவளைப் பித்தான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் பித்தான் டப்பாவைக் கவிழ்த்து விளையாடியே வளர்ந்தவள். அஞ்சு வயசு முடியப்போகிறது. அப்பனை அவள் பார்த்தது மூன்றே தடவை. கடைசியாக வந்தபோது அவன் தூக்க வந்தான் என்று வீல் என்று அலறி, என் மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அவன் பத்து நாள் இருந்து, பத்து நாளும் தள்ளியே நின்றுவிட்டுப் போனான்.

காலையிலிருந்து மாமியார் அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தாள். "அப்பா, பிறந்தநாள் வாழ்த்து. முத்தம். இதைத்தான் சொல்லணும். எங்க சொல்லு?" குழந்தையும் கிளி மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் இப்போது போனை வாய்க்குப் பக்கத்தில் நீட்டியதும் முகம் மாறிவிட்டது. கடைக்குப் போன் வந்தால் பெரியவர்கள் கை ஈரமாக இருக்கும். இவள்தான் எடுத்துப் பேசுவாள். கஸ்டமர்களுக்கு இவள் குரல் பழக்கம். அதே மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"வணக்கம், சலவைக்கடை. மாமா, உங்க துணி ரெடி. சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க. சீட்டு இல்லாம குடுக்க மாட்டோம்."

சொல்லிவிட்டுத் தானே சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. மாமனார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்பனை மாமா என்கிறது. கடைக்கு வருகிற ஆம்பிளைகள் எல்லோரும் அவளுக்கு மாமா. போனில் பேசுகிறவன் எல்லாம் துணி போட்டவன்.

"அழி அதை" என்றாள் மாமியார். "பித்தான், பாட்டி சொல்லிக்குடுத்ததைச் சொல்லு கண்ணு. அப்பான்னு சொல்லு."

"வேண்டாம்" என்றாள் மருமகள்.

"என்ன வேண்டாம்?"

"இதுதான் போகுது."

"உனக்குப் பைத்தியமா? அத்தனை பேர் நடுவுல அவன் மானம் போகும்."

"போகட்டும். என் மானம் கிளார்க் மேஜைல போகலையா? எனக்குத் தெரியும்னு நினைச்சு அவன் பல்லைக் காட்டினப்ப நானும் தெரிஞ்ச மாதிரிப் பல்லைக் காட்டினேன் அத்தை. வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நின்னு வாந்தி எடுத்தேன். கத்த முடியல, அழ முடியல, எழுத முடியல. புள்ள என்ன சொல்லுதோ அது அப்படியே போகட்டும். நான் ஒரு வார்த்தை சேக்கல."

"நீ பேசலியா?"

"நான் பேசினா கிளார்க் தேத்த மாட்டான்."

அனுப்பிவிட்டாள். மாமியார் பிழிகிற மெஷினைப் போட்டாள். காலி மெஷின். உள்ளே துணியே இல்லாமல் அது கடகடவென்று ஆடியது. யாரும் போய் நிறுத்தவில்லை.

ஒரு மணி நேரத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு. நேரில் வரச் சொன்னார்கள். தனியாகப் போகாதே என்று நானும் கிளம்பினேன். குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

கிளார்க் நல்ல மனுஷன்தான், அதுதான் எரிச்சல். திட்டுவதற்கு ஒரு கெட்டவன் கிடைத்தால் சௌகரியமாக இருந்திருக்கும். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு போனை ஓடவிட்டார்.

"இதைத் தேத்த முடியாதும்மா. 'ரெடி'ங்குது. 'சாயங்காலம்'ங்குது, நேரம். 'வந்து வாங்கிக்கங்க'ங்குது, ஆள் நடமாட்டம். 'சீட்டு'ன்னா என்ன? கேக்கறவனுக்கு இது சங்கேதம் மாதிரி இருக்கும். அந்த அலைவரிசையை எதிர்ப்பக்கத்துக்காரனும் கேப்பான்."

"எதிர்ப்பக்கத்துக்காரனுக்கு வெளுக்கற துணி இருந்தா வரட்டும் சார்" என்றேன் நான். அவர் என்னை முறைத்தார்.

மருமகள் குழந்தையை மேஜைமேல் உட்காரவைத்தாள். மேஜை போனைக் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

"பேசு பித்தான்."

குழந்தை ரிசீவரைக் காதில் வைத்து, யாரும் இல்லாத போனில், மூச்சுவிடாமல் சொன்னது. "வணக்கம், சலவைக்கடை. மாமா, உங்க துணி ரெடி." மீதியையும் சொல்லியது. கிளார்க்கைப் பார்த்து, சீட்டு எங்கே என்பதுபோல் கையை நீட்டியது.

"இதுக்குத் தன் அப்பன் யாருன்னு தெரியாது சார்" என்றாள் மருமகள். அவள் குரல் உயரவில்லை. "போட்டோவைக் காட்டினா, இந்த மாமா யூனிபார்மை எப்ப வாங்குவார்னு கேக்குது. நான் அவரை வான்னு சொல்லக்கூடாது, போன்னு சொல்லக்கூடாது, அழக்கூடாது, திட்டக்கூடாது. சரி. உங்க சட்டத்தை மதிச்சு வாயை மூடிக்கிட்டேன். அஞ்சு வயசுப் புள்ளைக்குமா சட்டம்? இதுல எந்த வார்த்தை நாட்டைக் காட்டிக்குடுக்குது, அதைச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையை நீங்களே வெட்டிக்கங்க."

கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தொலைபேசியில் அடிவார முகாமைப் பிடித்தார். எங்கள் எதிரிலேயே பேசினார். சலவைக்கடை வீடு, குழந்தை சொல்வது கடை வாசகம், நேரில் பார்த்துச் சரிபார்த்துவிட்டேன், என் பொறுப்பு என்றார். "சாயங்காலம்" மட்டும் வெட்டப்பட்டது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன்" என்றார் எழுந்து நின்று. "அன்னிக்கு உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

"நீங்க சொன்னதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. உங்கமேல எனக்குக் கோபம் இல்ல சார்" என்றாள். இருந்தது. படியிறங்கும்போது எனக்குக்கூட நிற்காமல் விறுவிறுவென்று முன்னால் போனாள்.

பிறந்தநாள் வந்தது. சாயங்காலம் அந்த நேரத்துக்கு மாமியார் விரிப்பை மடிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இப்ப கேட்டிருப்பான், இப்ப கேட்டிருப்பான் என்று முணுமுணுத்தாள். மருமகள் கறை எடுக்கிற தொட்டியில் கையை முழங்கை வரை விட்டு, ஓட்டல் மேஜைவிரிப்புகளைத் தேய் தேய் என்று தேய்த்தாள். கறை போன பிறகும் தேய்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கடைப் போன் அடித்தது. குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது. மாமியார் ஈரக்கையோடு எடுத்தாள், எடுத்ததும் முகம் மாறியது. ஸ்பீக்கரில் போட்டாள். அவன்தான், சாட்டிலைட் போனில். நாம் ஒன்று சொன்னால் அது மலை ஏறி அவன் காதில் விழுந்து, அவன் பதில் இறங்கி வர ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆகும். அதற்குள் பொறுமையில்லாமல் பேசினால் இரண்டு குரலும் முட்டிக்கொள்ளும்.

"கண்ணு, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?"

"இருக்கேன்மா. அவகிட்ட குடு."

மருமகள் கையைத் துடைக்கவில்லை. "கேக்குது, சொல்லுங்க" என்றாள் தொட்டிக்கு அருகிலிருந்தே.

"செய்தி வந்துச்சு."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சிரிச்சாங்களா?"

மூச்சு நேரம் கடந்தது. அதற்கு மேலும் கடந்தது.

"இல்ல. ஒருத்தனும் சிரிக்கல. எங்க முகாம்ல எனக்கு அடுத்த படுக்கை ஆளு, பாப்பாவுக்கு என்ன வயசுன்னான். நாலா அஞ்சான்னு எனக்குச் சட்டுனு வரல."

"அஞ்சு முடியப்போகுது" என்றாள் மருமகள். அங்கிருந்து நடந்து வந்து போன் எதிரில் நின்றாள். "ஏன் கையெழுத்துப் போட்டீங்க? என் முகத்தைப் பாத்துச் சொல்ல வேண்டாம். போன்லயாவது சொல்லுங்க."

"இங்க எனக்கு என்ன வேலைன்னு தெரியும். எப்ப எழுந்திருக்கணும், எங்க நிக்கணும், எல்லாம் தெரியும். அங்க வந்தா எனக்கு என்ன வேலைன்னு தெரியல. பாப்பா என்னைப் பாத்து ஓடுது. நீயும் அம்மாவும் துணி மடிக்கறீங்க, எனக்கு ஒரு முனை இல்ல. இன்னும் கொஞ்சம் பெரிசான பிறகு வந்தா…"

"பெரிசானா?" அவன் பேச்சு முடிவதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள். இரண்டு குரலும் மோதிக் கரகரத்தன. "அதுவா பெரிசாகி, அதுவா உங்களைத் தெரிஞ்சுக்கிட்டு, வாங்கப்பான்னு கூப்பிடுமா? அஞ்சு வருஷமா ராத்திரி ஜுரத்துல நான் ஒத்தையா உக்காந்தேன். எனக்கு மட்டும் என்ன வேலைன்னு யார் சொல்லிக் குடுத்தா? தெரியலன்னா வந்து நின்னு கத்துக்கணும். ஓடி ஒளியறதுக்கு எல்லைதான் கிடைச்சுதா? வீரன்னு வேற சொல்றாங்க. அங்க எவனுக்கும் பயப்படாத ஆளு, அஞ்சு வயசுப் புள்ளைக்குப் பயந்து ஒரு வருஷம் எழுதிக் குடுத்திருக்கீங்க. த்தூ."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தத் த்தூவுக்கு உள்ளுக்குள் கைதட்டினேன், பொய் சொல்வானேன்.

"ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தானே, முடிஞ்சிருக்கும்" என்றாள் மருமகள். "பின்னால ஆள் நிப்பாங்க. வைங்க."

"யாரும் நிக்கல. வரிசைல இருந்தவங்க எல்லாரும், நீ பேசுன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க. பேட்டரி இருக்கற வரைக்கும் பேசுன்னாங்க."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அப்போதுதான் ஈரக்கையைத் துடைத்தாள். அவன்தான் மறுபடி பேசினான்.

"காலைல அதிகாரிகிட்ட சொல்லிட்டேன். கையெழுத்து ரத்து. நாளைக்கு வண்டில இறங்கறேன்."

மாமியார் பொலபொலவென்று அழுதாள். மாமனார் திரும்பி நின்று காலி மெஷினுக்குள் எதையோ தேடினார். மருமகள் மட்டும் அசையவில்லை. அவளுக்குக் கணக்கு உதைத்தது.

"உங்க இடத்துல யாரு இருப்பா? அங்க ஒரு ஆள் குறையுமே."

மூச்சு நேரம்.

"வயசு கேட்டானே, அவன். அவனும் இறங்க வேண்டியவன்தான். நீ போ, நான் இருக்கேன்னுட்டான்."

"அவருக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பையன். இன்னும் நடக்கல."

அவள் முகத்தில் சந்தோஷம் வந்து நிற்க வேண்டிய இடத்தில் மறுபடி அந்தக் கோபம் வந்து நின்றது. இந்த முறை யார்மேல் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

"அவர் பெண்டாட்டிக்குத் தெரியுமா?"

"இல்ல. பட்டியல் போன பிறகு ஆபீஸ்ல சொல்லுவாங்க."

"எங்க அவரு?"

"வெளிய நிக்கறான்."

"கூப்பிடுங்க. போனை அவர்கிட்ட குடுங்க."

"எதுக்கு? இன்னும் கொஞ்சம் பேட்டரி இருக்கு. நீ பேசு."

"நான் பேசினது போதும். அவர் பெண்டாட்டிகிட்ட அவரே வாயால சொல்லட்டும். அவ வேண்டாம்னு சொன்னா, நீங்க அங்கயே இருங்க. கிளார்க் மேஜைக்கு முன்னால நின்னு இன்னொருத்தி பல்லைக் காட்டக்கூடாது. சீக்கிரம் குடுங்க, பேட்டரி தீருது."

பதில் மலை இறங்கி வருவதற்குள் அவளே போனை வைத்துவிட்டாள். மாமியார், "ஐயோ பாவி, வர்றேன்னவன" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மருமகள் தொட்டியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, பிழிந்து, ஒரு முனையை மாமியாரிடம் நீட்டினாள். மாமியார் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள்.